மாசா மாசம் பீரியட்ஸுக்கு முன்னாடி வர்ற "உள்காய்ச்சல்", அதோட தூக்கமும் போயிடுது – இது ஏன்?

மாடிவெயில் | ஏப்ரல் 13, 2024, விடியக்காலம் 3.10

இப்போ மணி மூணு பத்து, ரெண்டே முக்காலுக்கு முழிப்பு வந்துச்சு, அதுக்கப்புறம் தூக்கம் வரல. திருச்சி வெயில்னால இருக்கும்னு நீங்க சொல்லலாம், ஆனா டிசம்பர்லயும் இதே கதைதான். பீரியட்ஸுக்கு நாலஞ்சு நாள் முன்னாடி தொடங்கும், தூங்குவேன் ஆனா மேலாப்புல தூங்குற மாதிரி இருக்கும், ஃபேன் சத்தம் மாறினாக்கூட கண்ணு தொறந்துடும், உள்ளங்கால் எரியும், போர்வைய உதறுவேன், அஞ்சு நிமிஷத்துல திரும்ப இழுத்துக்குவேன். அம்மா இதை உள்காய்ச்சல்னு சொல்லுவாங்க. தொட்டுப் பாத்தா சூடு தெரியாது, ஆனா உடம்பு காந்தும்.

ஜனவரில ஒரு நாள் சாயங்காலம் தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தேன், 99.3 காட்டுச்சு. பக்கத்துல ஒரு கிளினிக்ல ரத்தம் எடுத்தாங்க, டைஃபாய்டு லேசா இருக்கிற மாதிரி தெரியுதுன்னு அஞ்சு நாளைக்கு மாத்திரை குடுத்தாங்க. நாலாவது நாள் பீரியட்ஸ் வந்துச்சு, காய்ச்சலும் போயிடுச்சு, மாத்திரைதான் கேட்டுச்சுன்னு நெனச்சேன். பிப்ரவரில அதே தேதி வாக்குல திரும்ப 99.2. அப்பதான் எனக்கு சந்தேகம் வந்துச்சு. மார்ச் 26லேர்ந்து தினமும் காலைல எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி படுக்கையிலேயே வாயில வச்சுப் பாத்து நோட்ல எழுதிட்டு வர்றேன்.

என் கணக்கு என்னன்னா, உடம்பு சூடு ஏறுது, அதனால தூக்கம் கெடுது. இது சரியா? வேற யாருக்காவது இப்படி இருக்கா?

அலாரமே வேண்டாம் | ஏப்ரல் 13, காலை 7.25

சைக்கிளோட ரெண்டாவது பாதில தூக்கம் லேசாகுறது எல்லாருக்குமே உண்டு, எனக்கும் இருக்கு, நான் ஆம்பளை. ராத்திரி முதல் பாதில ஆழ்ந்த தூக்கம், பின் பாதில கனவுத் தூக்கம் அதிகம், அதனால மூணு மணிக்கு மேல சட்டுனு முழிப்பு வரும். ஆனா சூடு ஏறுதுன்னு சொல்றதுதான் எனக்கு ஒத்து வரல. விடியக்காலம் நாலு அஞ்சு மணிக்குத்தான் உடம்பு சூடு ரொம்பக் கம்மியா இருக்கும்னு படிச்சிருக்கேன். ஒருவேளை உங்க தெர்மாமீட்டர் தப்பா இருக்கலாம்.

மாடிவெயில் | ஏப்ரல் 13, காலை 8.02

இல்லங்க, நான் சொன்ன சைக்கிள் மாச சைக்கிள். நீங்க சொல்றது ஒரு ராத்திரிக்குள்ள நடக்குற தூக்க சைக்கிள். ஆனா நாலு மணிக்கு சூடு இறங்கணும்னு சொன்னீங்க பாருங்க, அது எனக்கு உபயோகமா இருக்கு, ஏன்னா எனக்கு அந்த நேரத்துலதான் காந்துது.

பாட்டன்வழி | ஏப்ரல் 13, காலை 9.40

அம்மா, எங்க தாத்தா நாட்டு வைத்தியம் பாத்தவர். மாசத்துல கெட்ட ரத்தம் சேரச் சேர உடம்புல சூடு கூடும், வெளியேறினதும் சூடு இறங்கும், அவ்வளவுதான் விஷயம். நீங்களே சொல்றீங்க, வந்ததும் காய்ச்சல் போயிடுச்சுன்னு. வாரத்துக்கு ஒரு தடவை நல்லெண்ணெய் தேச்சுக் குளிங்க, வெந்தயம் ஊறப்போட்டு காலைல சாப்பிடுங்க, ராத்திரி மோர். மாத்திரை வேண்டாம்.

லேப் டூட்டி | ஏப்ரல் 13, இரவு 10.15

நான் சென்னைல தூக்கப் பரிசோதனை லேப்ல டெக்னீஷியன், பதினோரு வருஷமா ராத்திரி முழுக்க மத்தவங்க தூங்குறதைப் பாத்துட்டு உக்காந்திருக்கிற வேலை. டாக்டர் இல்ல, அதை மனசுல வச்சுக்கோங்க.

ஐயா பாத்தது சரி, சொன்ன காரணம்தான் சரியில்ல. பீரியட்ஸ் வந்ததும் சூடு இறங்குது, அது உண்மை. ஆனா ரத்தம் வெளியேறுறதால இறங்கல. ரெண்டும் ஒரே காரணத்தால நடக்குது, புரோஜெஸ்டிரோன் விழுறதால. முட்டை வெளிய வந்த இடத்துல மிச்சமிருக்கிற கூடு மஞ்சளா மாறி, அடுத்த ரெண்டு வாரத்துக்கு அந்த ஹார்மோனை ஊத்திட்டே இருக்கும். கரு தங்கலன்னா கூடு சுருங்கிடும், ஹார்மோன் சரியும், அதனால கர்ப்பப்பை உள்தோல் கழண்டு வருது, அதனாலதான் சூடும் இறங்குது. ரத்தம் ஆரம்பிக்கிறதுக்கு முந்தின நாளே தெர்மாமீட்டர்ல இறக்கம் தெரியறவங்க நிறைய பேர். ரத்தம்தான் காரணம்னா அது எப்படி முந்தி இறங்கும்?

சூடு எப்படி ஏறுதுன்னா, மூளைக்குள்ள உடம்பு சூட்டைப் பாத்துக்கிற ஒரு இடம் இருக்கு, ஹைப்போதலாமஸ். ஏசி ரிமோட்ல 24ஐ 25 ஆக்குற மாதிரி இந்த ஹார்மோன் அங்க வச்சிருக்கிற அளவைக் கொஞ்சம் தூக்கி வச்சிடுது. சென்டிகிரேட்ல 0.3லேர்ந்து 0.5 வரைக்கும், நம்ம ஊர் தெர்மாமீட்டர்ல அரை டிகிரிலேர்ந்து கிட்டத்தட்ட ஒரு டிகிரி. அளவே மேல போயிடுறதால வேர்க்க ஆரம்பிக்கிறதும் லேட்டாத்தான் ஆகும். கிருமியே இல்லாம சூடு மட்டும் கூடின நிலை, அதனால அதை நோய்னு சொல்லக் கூடாது.

இப்போ உங்க 99.3ஐப் பாருங்க. சாயங்காலம் நாலு மணிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் எல்லாருக்கும் காலையை விட ஒரு டிகிரி வாக்குல கூடுதலாத்தான் இருக்கும். அதுக்கு மேல இந்த அரை டிகிரி ஏறினா 99 தாண்டுறது அதிசயமே இல்ல.

நோட்ல இருக்கிற நம்பரைப் போடுங்க. எந்த ராத்திரி தூக்கம் கெட்டுச்சுன்னும் சேத்துப் போடுங்க, அதுதான் முக்கியம்.

மாடிவெயில் | ஏப்ரல் 14, காலை 6.30

புத்தாண்டு வாழ்த்துக்கள் எல்லாருக்கும். வேப்பம்பூ பச்சடிக்கு பூ ஆயுறதுக்கு முன்னாடி இதைப் போட்டுடறேன். மார்ச் 18 எனக்கு முதல் நாள், அங்கேர்ந்து எண்ணிக்கோங்க.

9ஆம் நாள் 97.4, அப்புறம் வரிசையா 97.3, 97.5, 97.4, 97.3. 14ஆம் நாள், அதாவது மார்ச் 31, 98.0. 15ஆம் நாள் 97.4, 16ஆம் நாள் 97.2. 17ல 97.8, 18ல 98.0, 19ல 98.1. அதுக்கப்புறம் 98.0க்கும் 98.2க்கும் நடுவுலயே போயிட்டு இருந்துச்சு. நேத்து 27ஆம் நாள் 98.0. இன்னைக்கு 97.9.

14ஆம் நாள்தான் முட்டை வெளிய வரும்னு ஸ்கூல்ல படிச்சோம்ல, அன்னைக்குச் சரியா 98 காட்டிருக்கு, அதனால அன்னைக்குத்தான்னு நான் சிவப்பு பேனால வட்டம் போட்டு வச்சிருக்கேன்.

தூக்கத்தைப் பத்தி தனியா எழுதல, ஆனா ராத்திரி முழிச்சா மொபைல்ல மணி பாத்து ஒரு கோடு போடுவேன். அதை உக்காந்து சேத்துட்டு சாயங்காலம் வர்றேன்.

லேப் டூட்டி | ஏப்ரல் 14, மதியம் 2.50

மார்ச் 31 ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு எத்தனை மணிக்கு எழுந்தீங்க?

மாடிவெயில் | ஏப்ரல் 14, மாலை 4.05

எட்டு மணிக்கு. மத்த நாள்ல அஞ்சரை. அய்யோ.

லேப் டூட்டி | ஏப்ரல் 14, மாலை 4.30

அதேதான். விடியக்காலத்துல அடியில இருக்கிற சூடு அதுக்கப்புறம் மணிக்கு மணி ஏறும். ரெண்டரை மணி நேரம் லேட்டா வச்சா உங்க அளவு எங்கயோ போயிடும். அதை அடிச்சிடுங்க. ஒரு நாள் மட்டும் தனியா குதிச்சு நிக்கிற நம்பரை எப்பவுமே நம்பாதீங்க, முந்தின ராத்திரி தூங்காம இருந்தாலும், சளி பிடிச்சிருந்தாலும், குடிச்சிருந்தாலும் அப்படிக் குதிக்கும்.

பழைய முறை ஒண்ணு இருக்கு. கெட்ட நாளைத் தள்ளிட்டு ஆறு நாள் எடுங்க, உங்களுக்கு 10, 11, 12, 13, 15, 16. அதுல பெரிய நம்பர் 97.5. அதுக்கப்புறம் தொடர்ந்து மூணு நாள் அதை விட மேல இருக்கணும், மூணாவது நாள் 0.4ஆவது கூட இருக்கணும். உங்களுக்கு 97.8, 98.0, 98.1. கச்சிதமா இருக்கு. அப்போ 17ஆம் நாள் ஏற ஆரம்பிச்சிருக்கு, முட்டை வெளிய வந்தது 16ஆம் நாள் வாக்குல. வட்டத்தை மாத்திப் போடுங்க. தெர்மாமீட்டர் நடந்து முடிஞ்சதைத்தான் சொல்லும், வரப்போறதை சொல்லாது, அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

மாடிவெயில் | ஏப்ரல் 14, இரவு 11.20

கோடு எல்லாம் எண்ணிட்டேன். எண்ணினதும் என் கணக்கே எனக்கு உடைஞ்சு போச்சு, அதை சொல்றதுக்குத்தான் இப்போ வந்தேன்.

சூடு ஏறினது ஏப்ரல் 3. அன்னையிலேர்ந்து 9 வரைக்கும் ராத்திரி முழிப்பு ஒண்ணு இல்லன்னா சைபர். சொல்லப்போனா அந்த வாரம் நல்லாத்தான் தூங்கிருக்கேன், மதியம் ஆபீஸ்ல சாப்பாட்டுக்கு அப்புறம் கண்ணு சொக்கி உக்கார முடியலன்னு 8ஆம் தேதி எழுதி வச்சிருக்கேன். முழிப்பு ஆரம்பிக்கிறது ஏப்ரல் 10ல, அன்னைக்கு மூணு தடவை, 11ல நாலு, 12ல நாலு, நேத்து மூணு.

98.1 சூட்டோட ஒரு வாரம் நல்லா தூங்கிருக்கேன், அதே 98.1ல அடுத்த வாரம் தூங்கல. அப்போ சூடுதான் தூக்கத்தைக் கெடுக்குதுன்னு நான் எப்படி சொல்ல முடியும்?

பாட்டன்வழி | ஏப்ரல் 15, காலை 6.10

சேந்துக்கிட்டே போகும்னு நானும் அதைத்தானம்மா சொன்னேன். முதல் வாரம் உடம்பு தாங்கும், ரெண்டாவது வாரம் தாங்காது.

மாடிவெயில் | ஏப்ரல் 15, காலை 6.45

ஐயா, சூடு சேந்துக்கிட்டே போகலையே. 98.0, 98.1ன்னு அதே இடத்துலதான் நிக்குது. இன்னைக்கு 97.6க்கு இறங்கிடுச்சு, ஆனா நேத்து ராத்திரியும் ரெண்டு தடவை முழிச்சேன். இறங்குற நேரத்துலயும் தூக்கம் கெட்டிருக்கு.

லேப் டூட்டி | ஏப்ரல் 15, இரவு 9.50

நீங்க எண்ணிப் பாத்தது ரொம்ப நல்ல வேலை. இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், நான் சொன்னா நம்பியிருக்க மாட்டீங்க.

புரோஜெஸ்டிரோனுக்கு ரெண்டு முகம் இருக்கு. ஒண்ணு சூட்டை ஏத்துறது. இன்னொண்ணு, அது உடம்புல உடைஞ்சு ஒரு பொருள் ஆகுது, தூக்க மாத்திரை போய் உக்கார்ற அதே ரிசெப்டார்ல அதுவும் போய் உக்காரும், வேற மூலைல. அதான் உங்களுக்கு ஆபீஸ்ல கண்ணு சொக்குனது. கர்ப்பமான முதல் மூணு மாசம் பொம்பளைங்க உக்காந்த இடத்துல தூங்குறதுக்கும் இது ஒரு காரணம்.

ஹார்மோன் உச்சத்துக்குப் போறது ஏறி ஒரு வாரம் கழிச்சு. உங்களுக்கு ஏப்ரல் 9, 10 வாக்குல. அங்கேர்ந்து சரிவு. சூடு சட்டுனு விழாது, கடைசி ஒண்ணு ரெண்டு நாள் வரைக்கும் நிக்கும். ஆனா மூளைக்கு தினமும் கிடைச்சிட்டு இருந்த அந்த சாந்தப்படுத்துற பொருள் குறைய ஆரம்பிச்சிடும். அதாவது கடைசி அஞ்சு நாள்ல சூடு இன்னும் மேல, ஆனா அமைதி கீழ. உங்க கோடு எல்லாம் அந்த இடைவெளிலதான் விழுந்திருக்கு.

சூட்டுக்கும் பங்கே இல்லன்னு சொல்லல. தூக்கம் வரணும்னா உடம்பு உள்சூடு இறங்கணும், அதுக்காக கை கால் வழியா சூட்டை வெளிய தள்ளும், அதான் தூங்கப் போறப்போ உள்ளங்கால் சுடுது. சாதாரண நாள்ல ராத்திரி நல்லா பள்ளம் மாதிரி இறங்கும். இந்த ரெண்டு வாரத்துல பள்ளம் ஆழம் கம்மி, பகலுக்கும் ராத்திரிக்கும் உள்ள வித்தியாசமே சின்னதாயிடும். நாலு மணிக்கு சூடு இறங்கணும்னு அந்த தம்பி சொன்னாரே, உங்களுக்கும் இறங்குது, ஆனா கம்மியாத்தான் இறங்குது. அறையும் 33, 34ல இருந்தா தள்ளின சூடு எங்க போகும்?

அலாரமே வேண்டாம் | ஏப்ரல் 15, இரவு 10.20

நான்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன், மன்னிச்சுக்கோங்க. எங்க வீட்டுக்காரி மாசத்துல சில நாள் ஃபேனை அஞ்சுல வைப்பா, நான் மூணுல வைப்பேன், இதுக்கே சண்டை வரும். வேணும்னே பண்றான்னு நெனச்சேன். ஒரு கேள்வி, லேப்ல வயர் ஒட்டிப் பாத்தா அந்த நாள்ல ஆழ்ந்த தூக்கம் குறைஞ்சிருக்குமா?

லேப் டூட்டி | ஏப்ரல் 15, இரவு 11.35

நல்ல கேள்வி தம்பி, பதில் உங்களுக்கு ஆச்சரியமா இருக்கும். பெரும்பாலும் குறையாது. 1996ல ஸூரிச்ல ஆரோக்கியமா இருக்கிற ஒன்பது இளம்பொண்ணுங்களை ஒரு சைக்கிள் முழுக்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் லேப்ல தூங்க வச்சுப் பாத்தாங்க. ஆழ்ந்த தூக்கத்து அலைங்க பெருசா மாறவே இல்ல. மாறினது வேற, நாங்க ஸ்பிண்டில்னு சொல்ற அலை. ஸ்க்ரீன்ல பாத்தா நூல் கண்டு மாதிரி நடுவுல தடிச்சு ரெண்டு பக்கமும் மெலிஞ்சு இருக்கும், செகண்டுக்கு 12லேர்ந்து 15 ஆட்டம். அது ரெண்டாம் பாதில கூடுது. கனவுத் தூக்கம் கொஞ்சம் குறையுற பக்கமா போகுது. நான் ரிப்போர்ட் எடுக்குறப்போ சில பேருக்கு ஸ்பிண்டில் அடுக்கடுக்கா வந்தா, பாரத்துல கடைசி பீரியட்ஸ் தேதி எழுதியிருக்கான்னு பாப்பேன். பல தடவை எழுதியிருக்காது, அதனால நானே கேட்டு ஓரத்துல எழுதி வைப்பேன்.

அப்போ தூக்கம் லேசாகுதுன்னு பொம்பளைங்க சொல்றது பொய்யான்னு கேக்காதீங்க. முழிப்பு எத்தனை தடவை வந்துச்சு, திரும்பத் தூங்க எவ்வளவு நேரம் ஆச்சு, எழுந்திரிக்கிறப்போ எப்படி இருந்துச்சுன்னு பாத்தா கடைசி நாள்ல வித்தியாசம் தெரியுது, அதுலயும் பீரியட்ஸுக்கு முன்னாடி மனசு ரொம்ப வாடுறவங்களுக்கு. தூக்கத்தை மொத்த மணி நேரமா எண்ணினா இது மாட்டாது.

நாற்பத்தேழு | ஏப்ரல் 16, காலை 5.15

எனக்கும் அப்படியேதான், ஆனா மாசம் முழுக்க. திடீர்னு நெஞ்சுலேர்ந்து முகத்துக்கு ஏறும், நைட்டி நனைஞ்சு போகும், அப்புறம் குளிரும். பீரியட்ஸ் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வருது. இதுவும் புரோஜெஸ்டிரோனா?

லேப் டூட்டி | ஏப்ரல் 16, இரவு 9.05

அக்கா, உங்களோடது வேற. இவங்களுக்கு ரெண்டு வாரம் அடுப்பு சிம்மில எரியுற மாதிரி, கூடவும் கூடாது அணையவும் அணையாது, வேர்த்துக் கொட்டாது. உங்களுக்கு அலை மாதிரி வந்து சில நிமிஷத்துல போகுது, நனைச்சிட்டுப் போகுது, தேதிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. மாதவிடாய் நிக்கப் போற வயசுல ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்குறப்போ வர்றது அது. அதுக்கு மருந்து இருக்கு, பொறுத்துக்கணும்னு இல்ல, மகப்பேறு டாக்டரைப் பாருங்க. தைராய்டும் ஒரு தடவை பாத்துடுங்க, அதுலயும் வேர்க்கும் தூக்கம் வராது.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். எல்லா சாயங்காலக் காய்ச்சலையும் ஹார்மோன்னு தள்ளிடாதீங்க. 100.4 தொட்டா அது இந்த அரை டிகிரி கதை இல்ல. பீரியட்ஸ் வந்த பிறகும் இறங்கலன்னா, எடை குறைஞ்சா, ரெண்டு வாரமா இருமல் இருந்தா சளிப் பரிசோதனை பண்ணியே ஆகணும், நம்ம ஊர்ல டிபி இன்னும் இருக்கு. தேதியோட சேந்து ஏறி, தேதியோட சேந்து இறங்குதாங்கிறதுதான் அடையாளம்.

மாடிவெயில் | ஏப்ரல் 16, இரவு 9.40

இன்னைக்கு காலைல 97.4, மதியம் வந்துடுச்சு. 97.8 ஆன நாள்லேர்ந்து எண்ணினா சரியா 13 நாள்.

ஜனவரில அந்த மாத்திரையை சாப்பிட்டது நெனச்சா கோவமா வருது. ரத்தம் எடுத்தவங்க ஒருத்தராவது கடைசி பீரியட்ஸ் எப்போன்னு கேட்டிருக்கலாம். அஞ்சு நாள் வயிறு கலங்கி, மோர்சாதம் தவிர ஒண்ணும் இறங்காம ஆபீஸ் போனேன்.

மாத்திரைப்பட்டி | ஏப்ரல் 17, மதியம் 1.10

நானும் இதைப் பாத்துட்டு நாலு நாளா தெர்மாமீட்டர் வைக்கிறேன், ஏற்றமும் இல்ல இறக்கமும் இல்ல, 98.0, 98.1. எனக்கு முட்டையே வரலையா? கர்ப்பத்தடை மாத்திரை ரெண்டு வருஷமா சாப்பிடறேன்.

லேப் டூட்டி | ஏப்ரல் 17, இரவு 10.00

மாத்திரை சாப்பிடறப்போ முட்டை வரக்கூடாது, அதுதானே அதோட வேலை. அதுக்குள்ள புரோஜெஸ்டிரோன் மாதிரி ஒரு பொருள் இருக்கு, தினமும் போறதால சூடும் மேலயே நிக்கும். உங்களுக்கு இந்த நோட் எதையும் சொல்லாது, நிறுத்திடுங்க. மாத்திரையை இல்ல, நோட்டை.

பாட்டன்வழி | ஏப்ரல் 19, காலை 7.00

ரெண்டு நாளா யோசிச்சேன். ரத்தத்துக்கு முந்தியே சூடு இறங்குதுன்னு அந்தப் பொண்ணு சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா எண்ணெய்க் குளியல் எடுத்தா அன்னைக்கு நல்லா தூக்கம் வருதுன்னு எங்க வீட்டுப் பொம்பளைங்க சொல்லுவாங்க, அது பொய்யா?

லேப் டூட்டி | ஏப்ரல் 19, இரவு 11.10

பொய் இல்லீங்க ஐயா. எண்ணெய்க்கு என்ன பங்குன்னு நான் பேச மாட்டேன், வெந்நீருக்கு இருக்கு. படுக்கிறதுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்னாடி வெதுவெதுப்பான தண்ணில குளிச்சா தோல்ல ரத்த ஓட்டம் கூடும், சூடு வெளிய போகும், உள்சூடு இறங்கும், அதனால சீக்கிரம் தூக்கம் பிடிக்கும். ஹைப்போதலாமஸ்ல வச்ச அளவு அதனால மாறாது. மறுநாள் காலைல இவங்க வச்சா அதே 98.1தான் வரும்.

மாடிவெயில் | ஏப்ரல் 20, காலை 6.00

இந்த மாசம் இதைப் பண்ணிப் பாக்கப் போறேன். ராத்திரி எட்டு மணிக்கு வெதுவெதுப்பா குளியல், கடைசி அஞ்சு நாள் மட்டும் தங்கச்சி ரூம்ல ஏசி 26ல. முழிப்பை மட்டும் எண்ணுவேன்.

மாடிவெயில் | மே 7, காலை 6.10

முட்டை 16ஆம் நாள் வாக்குலதான் வரும்னு நெனச்சு மே 1லேர்ந்து காத்திட்டு இருந்தேன். ஏறவே இல்ல. பயந்துட்டேன். மே 4, 19ஆம் நாள்தான் 97.8. அடுத்து 97.9, 98.1, இன்னைக்கு 98.1. ஏப்ரல் கடைசில ஆடிட்டுக்காக ராத்திரி பதினொண்ணு வரைக்கும் ஆபீஸ்ல இருந்தேன், அதனால தள்ளிப் போச்சா?

லேப் டூட்டி | மே 7, இரவு 9.30

இருக்கலாம், அதனாலதான்னு ஒரு மாசத்தை வச்சு சொல்ல முடியாது. ஆனா நீளுறதும் சுருங்குறதும் பெரும்பாலும் முதல் பாதிதான். ரெண்டாம் பாதி ஒருத்தருக்கு ஏறக்குறைய அதே அளவுல இருக்கும், ஒரு நாள் ரெண்டு நாள் முன்னப்பின்ன ஆகும். உங்களுக்கு போன தடவை 13. அப்போ மே 17 வாக்குல எதிர்பாருங்க. 18 நாளுக்கு மேல சூடு இறங்காம நின்னா கர்ப்பமான்னு டெஸ்ட் பண்ணிப் பாருங்க.

மாடிவெயில் | மே 12, விடியக்காலம் 4.30

முதல் ஏசி ராத்திரி. காந்தல் இல்ல, உள்ளங்கால் எரியல, போர்வையை உதறவே இல்ல. ஆனா 2.45க்கு முழிச்சேன். அறை ஜில்லுனு இருக்கு, மனசு மட்டும் பளிச்சுனு முழிச்சு நிக்குது.

மாடிவெயில் | மே 15, காலை 6.20

நாலு ராத்திரி ஆச்சு. மூணு, ரெண்டு, மூணு, ரெண்டு. போன மாசம் மூணு, நாலு, நாலு, மூணு. குறைஞ்சிருக்கு, ஆனா போகல. திரும்ப தூங்குறது சீக்கிரமா இருக்கு, போன மாசம் ஒரு மணி நேரம் உக்காந்திருப்பேன், இப்போ பத்து பதினஞ்சு நிமிஷம். குளியலா, ஏசியா, இல்ல தெரிஞ்சுக்கிட்டதால பயம் போனதாலயா, மூணையும் ஒண்ணா பண்ணிட்டேன், பிரிச்சுப் பாக்க முடியல. அடுத்த மாசம் ஏசி மட்டும் வைக்கணும்.

அலாரமே வேண்டாம் | மே 15, காலை 8.00

ஃபேன் விஷயம் எங்க வீட்ல முடிஞ்சிடுச்சு. அவ பக்கம் தனி டேபிள் ஃபேன் வாங்கிட்டேன்.

லேப் டூட்டி | மே 15, இரவு 10.40

மாடிவெயில், உங்க 2.45 எனக்கும் புரியல. ஏசில சூடு வெளிய போயிடுச்சு, அப்புறமும் முழிப்பு வருதுன்னா மிச்சம் ஹார்மோன் சரிவோட வேலைன்னு நான் நெனக்கிறேன், ஆனா அதைக் காட்டணும்னா ரத்தத்துல ஹார்மோனை தினமும் அளக்கணும், இந்த நோட்டு பத்தாது. தினமும் அதே மணிக்கு முழிக்கிறதுல பழக்கத்துக்கும் பங்கு இருக்கலாம். முழிச்சதும் மொபைல்ல மணி பாக்குறதை நிறுத்திப் பாருங்க. கோடு காலைல போட்டுக்கலாம்.

மாடிவெயில் | மே 17, காலை 5.50

இன்னைக்கு 97.5. காலைலேயே வந்துடுச்சு, மே 4லேர்ந்து 13 நாள். அம்மா கையில நோட்டைக் குடுத்துப் படிக்க சொன்னேன், ரொம்ப நேரம் பாத்துட்டு, "எங்க அம்மாவுக்கும் இந்த உள்காய்ச்சல் இருந்துச்சுடி, திண்ணைல போய் படுத்துக்குவா"ன்னு சொன்னாங்க. ராத்திரி மொபைலை ஹால்ல வச்சுட்டுப் படுத்தேன். முழிச்சேன், எத்தனை மணின்னு பாக்கல.